நவம்பர் வெள்ளம், டிசம்பர் கணக்கு

கிழக்கில் பெருவெள்ளம் நவம்பர் கடைசியிலும் வரும். வங்கிகள் கணக்கை மூடும் நாள் டிசம்பர் 31. பெரும்போக வேளாண்மை வெட்டு நடப்பதோ அடுத்த ஆண்டு பெப்ரவரி, மார்ச்சில். ஒரு வெள்ளம் எந்த ஆண்டின் கணக்கில் எவ்வளவு ஏறும், ஏறாமலே போகுமா என்பதெல்லாம் இந்த மூன்று தேதிகளுக்கு நடுவில்தான் தீர்மானமாகிறது.

2024 நவம்பர் 26ஆம் திகதியை அம்பாறைக் கரையோரத்தில் எவரும் மறந்திருக்கமாட்டார்கள். காரைதீவுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றிவந்த உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துப்போனது அன்றுதான். அந்த இழப்பை எந்த ஏட்டிலும் எழுத முடியாது. அதே தண்ணீர் வீரமுனை, சம்மாந்துறைப் பக்கத்து வட்டைகளிலும் நின்றது. விதைத்துச் சில வாரங்களே ஆன பயிர். ஓராண்டு கழித்து 2025 நவம்பர் 28இல் டித்வா புயல் கரையேறி, நாடு முழுவதிலும் அறுநூறுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. இரண்டு முறையும், வங்கியின் ஆண்டுக்கணக்கு முடிய ஒரு மாதம்தான் மிச்சம் இருந்தது.

அந்த ஒரு மாதத்தில் ஒரு விவசாயக் கடன் என்ன ஆகிறது என்று பார்ப்போம். ஒக்டோபரில் வங்கி கொடுக்கிறது. உழவு, விதைநெல், பசளை, களைநாசினி எல்லாம் அதில் போகும். வெட்டு முடிந்து நெல் விற்று ஏப்ரல் கடைசியில் முதலும் வட்டியுமாக ஒரே தடவையில் கட்டவேண்டும். மாதத் தவணை கிடையாது. எனவே டிசம்பர் 31 அன்று கணினியைத் திறந்தால் அந்தக் கடன் சுத்தமாக இருக்கும். பாக்கி நாட்கள் பூச்சியம். பயிர் அழுகிக் கிடந்தாலும் பூச்சியம்தான், ஏனென்றால் கட்டவேண்டிய நாளே இன்னும் வரவில்லை.

இப்படிக் கண்ணை மூடிக்கொள்ளக்கூடாது என்பதற்காகத்தான் நிதி அறிக்கையிடல் நியமம் 9 வந்தது. கடன் மோசமான பிறகு ஏற்பாடு ஒதுக்கும் பழைய முறையை அது மாற்றி, வரப்போகிற இழப்பை முன்கூட்டியே மதிப்பிடச் சொல்கிறது. கடன்களை மூன்று நிலைகளாகப் பிரிக்கவேண்டும். கொடுத்த நாளில் இருந்ததைவிட ஆபத்து பெரிதாகக் கூடாத கடன்கள் முதலாம் நிலை. அவற்றுக்கு அடுத்த 12 மாதத்தில் தவறக்கூடியதால் வரும் இழப்பை ஒதுக்கினால் போதும். ஆபத்து குறிப்பிடத்தக்க அளவு கூடியவை இரண்டாம் நிலை. அவற்றுக்குக் கடனின் முழு ஆயுளுக்குமான இழப்பை ஒதுக்கவேண்டும். ஏற்கெனவே சீர்கெட்டவை மூன்றாம் நிலை. 30 நாள் பாக்கியானால் இரண்டாம் நிலை, 90 நாளானால் மூன்றாம் நிலை என்று நியமத்தில் ஓர் அனுமானம் உண்டு. ஆனால் பாக்கியாகும் வரை காத்திருக்க அது அனுமதி தரவில்லை. ஆளாளாக விவரம் கிடைக்காதபோது, ஒரே பிரதேசத்துக் கடன்களைச் சேர்த்துப் பிடித்து மதிப்பிடு என்கிறது. நியமத்தோடு வரும் விளக்க உதாரணங்களில் ஒன்று, நிலக்கரிச் சுரங்கத்தை நம்பி வாழும் ஓர் ஊரைப் பற்றியது. சுரங்கங்கள் மூடப்படப்போகின்றன என்று தெரிந்ததும், அவ்வூரில் ஒருவர்கூடத் தவணை தவறாத நிலையிலும், சுரங்கத்தை நம்பிய கடன்களை வங்கி இரண்டாம் நிலைக்கு மாற்றுகிறது. சுரங்கம் இருந்த இடத்தில் வட்டையை வைத்தால் நமது கதை.

எண்களோடு பார்த்தால் விளங்கும். எண்கள் நான் விளக்கத்துக்கு வைத்தவை. ஒரு கிளையில் 500 இலட்சம் ரூபா பயிர்க்கடன். வழமையான ஆண்டில் நூற்றுக்கு இரண்டு பேர் தவறுவார்கள், தவறியவர்களிடம் நூற்றுக்கு 40 ரூபா திரும்பாது என்று வங்கியின் பழைய அனுபவம் சொல்கிறது. 500 இலட்சத்தின் 2 சதவீதம் 10 இலட்சம், அதில் 40 சதவீதம் 4 இலட்சம். இதுதான் ஒதுக்கவேண்டிய தொகை. வெள்ளம் பாதி வட்டையை மூடுகிறது. 250 இலட்சம் கடன் இரண்டாம் நிலைக்குப் போகிறது. இங்கேதான் பலர் தவறுகிறார்கள். நிலையை மாற்றினாலே ஒதுக்கீடு எகிறும் என்று நினைக்கிறார்கள். ஏப்ரலில் முடியும் கடனுக்கு அடுத்த 12 மாதமும் முழு ஆயுளும் ஒன்றுதானே. நிலை மாறியும் தொகை நாலு இலட்சத்திலேயே நிற்கும். தவறுவார்கள் என்ற அந்த 2 சதவீதத்தைத் தொட்டால்தான் அது அசையும். நனைந்த பாதிக்கு அதை 20 சதவீதம் ஆக்கினால் அங்கே 20 இலட்சம், நனையாத பாதிக்குப் பழைய கணக்கில் 2 இலட்சம், ஆக 22 இலட்சம். இலாபத்திலிருந்து கூடுதலாக 18 இலட்சம் போகிறது. எந்தக் கிளை முகாமையாளருக்கும் இது விருப்பமான எண்ணாக இராது.

இந்தக் கூடுதலை வங்கிகளின் மாதிரிகள் தாமாகத் தருவது அரிது. பெரும்பாலான மாதிரிகள் வட்டி வீதம், பணவீக்கம், தேசிய உற்பத்தி ஆகியவற்றை வைத்து ஓடுபவை. களியோடை ஆற்றில் எவ்வளவு தண்ணீர் போனது என்று அவற்றுக்குத் தெரியாது. அதனால் முகாமைத்துவம் கையால் ஒரு தொகையைச் சேர்க்கவேண்டும். நிதிக்கூற்றுகளின் குறிப்புகளில் அது தனி வரியாக, ஏன் சேர்த்தார்கள், எந்தப் பிரதேசத்துக்கு, எவ்வளவு என்று வரவேண்டும். அந்த வரி இருக்கிறதா என்பதுதான் நான் முதலில் தேடுவது.

“ஜனவரியில் வயல் விளைந்தாலும் விளையும், அழுகினாலும் அழுகும், டிசம்பர் 31இல் எப்படித் தெரியும்?” என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு விடை இலங்கைக் கணக்கீட்டு நியமம் 10இல் இருக்கிறது. கணக்கு முடிந்த நாளுக்கும் அறிக்கையில் கையொப்பம் இடும் நாளுக்கும் இடையில் புதிய தகவல் வந்தால், அது காட்டும் நிலைமை டிசம்பர் 31இலேயே இருந்ததா என்று பார்க்கவேண்டும். நவம்பர் வெள்ளம் அன்று இருந்த நிலைமை. பெப்ரவரியில் கமநல உத்தியோகத்தர் தரும் சேத விவரம் அதற்குச் சான்று மட்டுமே. ஆகவே எண்ணைத் திருத்தவேண்டும். 2011 ஜனவரியில் கிழக்கை மூழ்கடித்த வெள்ளம் வேறு வகை. கணக்கு மூடிய பின் பிறந்த நிகழ்ச்சி அது. 2010 கணக்கில் எண் மாறாது, குறிப்பு எழுதினால் போதும். சுனாமி 2004 டிசம்பர் 26இல் வந்தது. காலநிலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. ஆனாலும் கல்முனை, மருதமுனைக் கடன்களுக்கு அது பழைய ஆண்டின் சங்கதி. ஐந்தே நாளில் அந்த ஆண்டு முடிந்துவிட்டாலும்.

இனி நிவாரணத்தைப் பார்ப்போம். பெரிய அனர்த்தத்துக்குப் பிறகு பாதிக்கப்பட்டோரின் தவணைகள் சில மாதம் பிற்போடப்படும். விவசாயிக்கு அது தேவையான மூச்சு, அதைக் குறை சொல்லமாட்டேன். கணக்கில் அது செய்யும் வேலையைத்தான் பார்க்கவேண்டும். பாக்கி நாட்களை மட்டும் நம்பும் வங்கி ஒன்றைக் கற்பனை செய்யுங்கள். 2024 நவம்பரில் வெள்ளம். கடன் 2025 ஏப்ரல் கடைசியில் விழவேண்டியது. ஆறு மாதம் பிற்போட்டால் ஒக்டோபர் கடைசி. 30 நாள் கடந்து இரண்டாம் நிலை வர நவம்பர் கடைசி. 90 நாள் கடந்து மூன்றாம் நிலை வர 2026 ஜனவரி கடைசி. 2024இன் ஐந்தொகையில் அது முதலாம் நிலைக் கடன், 2025இன் ஐந்தொகையில்கூட இன்னும் கெட்டுப்போகாத கடன். இதற்குள் அடுத்த புயலும் வந்து போயிற்று. ஒரு வெள்ளம் இரண்டு ஐந்தொகைகளைத் தாண்டிச் செல்ல இவ்வளவு போதும். இதில் யாரும் பொய் எழுதவில்லை. கட்டவேண்டிய நாளைத் தள்ளிவைத்தார்கள், எண்ணும் தன்னால் தள்ளிப்போயிற்று.

இதுவரை சொன்னது பழைய ஏடு. இப்போது அதன் பக்கத்தில் இன்னோர் ஏடு வந்திருக்கிறது. சர்வதேச நிலைபேறு நியமங்கள் சபை 2023 ஜூனில் வெளியிட்ட எஸ்-1, எஸ்-2 என்ற இரண்டு நியமங்களை இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் நம் நாட்டுக்கும் எடுத்துக்கொண்டது. கொழும்புப் பங்குச் சந்தையில் சந்தைப் பெறுமதிப்படி முதல் நூறு கம்பனிகளுக்கு 2025 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பின்னரோ தொடங்கும் ஆண்டிலிருந்து அவை கட்டாயம். மற்றவர்கள் படிப்படியாக உள்ளே வருவார்கள். எஸ்-2 முழுக்கக் காலநிலைக்கானது. வெள்ளம், வரட்சி போன்றவற்றால் தாக்கப்படக்கூடிய சொத்து எவ்வளவு, அது மொத்தத்தில் எத்தனை சதவீதம் என்று தொகையில் சொல்லச் சொல்கிறது. இந்த ஆண்டு நிதிநிலையில் அது என்ன செய்தது, இனி என்ன செய்யக்கூடும் என்றும் கேட்கிறது. நிதிக்கூற்றுகளோடு ஒரே வேளையில், ஒரே காலப்பகுதிக்கு வரவேண்டும் என்பது இன்னொரு நிபந்தனை. முன்பு வங்கிகள் வழவழப்பான தாளில், நாற்று நடும் பெண்களின் படத்தோடு, ஆறு மாதம் கழித்து வெளியிட்ட நிலைபேறு அறிக்கைகளுக்கு இது ஒரு மூக்கணாங்கயிறு.

இரண்டு ஏடும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் ஒரு வசதி இருக்கிறது. எதிரும் புதிருமாக வைத்துப் படிக்கலாம். நிலைபேறு அறிக்கை “எமது கடன்களில் கணிசமான பங்கு வெள்ள அபாய மாவட்டங்களில் உள்ளது” என்கிறது என்று வைப்போம். உடனே நிதிக்கூற்றுகளில் கடன் இழப்புக் குறிப்புக்குப் போங்கள். அங்கே அம்பாறையோ மட்டக்களப்போ ஒரு வரியில்கூட இல்லாவிட்டால், இரண்டில் ஒன்று நிரம்பாமல் இருக்கிறது. அபாயம் உண்மையில் சிறியது, கடன் குறுகியது, ஈடு உறுதியானது என்றும் இருக்கலாம். அப்படியானால் அதையே காரணமாகச் சொல்லவேண்டும். சர்வதேசக் கணக்கீட்டு நியமங்கள் சபை 2024 ஜூலையில் முன்வைத்த வரைவு உதாரணங்களில் முதலாவது இதைப் பற்றியதுதான். முதலீட்டாளர் நியாயமாக எதிர்பார்க்கும் தாக்கம் கணக்கில் இல்லையென்றால், ஏன் இல்லை என்பதையே எழுதவேண்டி வரலாம்.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும். நமது கரையிலேயே உதாரணம் உண்டு. ஒலுவில், நிந்தவூர்ப் பக்கத்துக் கரையைக் கடல் தின்றது ஊரறிந்த விஷயம். தென்னங்காணிகள் போயின. அந்த அரிப்புக்கு முதல் காரணமாகப் பேசப்படுவது ஒலுவில் துறைமுகத்தின் அலைதாங்கிகள், மணல் நகர்வை அவை மறித்ததுதான். அங்கே ஈடு வைத்த காணி கரைந்தால் வங்கிக்கு இழப்பு உண்மை. அதைக் காலநிலைத் தலைப்பின்கீழ் எழுதினால் பத்தாண்டுக் கடல்மட்டக் கணிப்பைத் தூக்கிக்கொண்டு அலைய நேரும், அடுத்த கட்டுமானம் எங்கே வருகிறது என்று பார்க்கத் தோன்றாது.

அடுத்தது எஸ்-2 கேட்கும் புகைக் கணக்கு. சம்மாந்துறையில் மில் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கடன் புதுப்பிக்கப் போன கதையைச் சொன்னார்: “டீசல் பில்லக் கேட்டாங்க, கரண்ட் பில்லக் கேட்டாங்க. உமி எவ்வளவு எரிக்கிற எண்டும் கேட்டாங்க தம்பி. இனி மூச்சு விடுறதுக்கும் பில் கேப்பாங்க போல.” அவர் சிரித்தாலும், கேட்டவர்கள் சரியான மூன்றைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

டீசல் ஒரு லீற்றர் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. ஜெனரேட்டருக்கு மாதம் 200 லீற்றர் என்றால் அரைத் தொன்னுக்குச் சற்று மேல். மில்லின் சொந்தப் புகையான இது முதலாம் வட்டம். மின்சாரத்துக்கான புகை மின்நிலையத்தில் எழுவதால் இரண்டாம் வட்டம். ஒரு யூனிட்டுக்கு எத்தனை கிலோ என்பது அந்த ஆண்டு மழை பெய்து நீர்மின் கிடைத்ததா, நுரைச்சோலை நிலக்கரி எவ்வளவு ஓடியது என்பதைப் பொறுத்து மாறும். அரைக் கிலோ என்று வைத்தால் மாதம் 10,000 யூனிட்டுக்கு 5 தொன். உமி வேறு சங்கதி. நெல் அவிக்கும் கொதிகலனில் எரியும் உமியின் கரியமில வாயுவைப் பயிர் காற்றிலிருந்துதான் எடுத்தது. எனவே அதை மொத்தத்தில் கூட்டாமல் தனியாகக் காட்டுவார்கள். எரியும்போது வரும் சிறிதளவு மீதேனும் நைட்ரஸ் ஒக்சைட்டும் மட்டும் கூட்டலில் சேரும். எல்லாம் சேர்த்து இந்த மில்லுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 67 தொன்.

இனி மூன்றாம் வட்டம், மில் வாங்கும் நெல். தண்ணீர் தேங்கிய வயலின் சேற்றில் காற்றில்லாமல் வாழும் நுண்ணுயிர்கள் மீதேனை விடுகின்றன. காலநிலை மாற்றத்துக்கான அரசாங்கங்களுக்கிடைக் குழு 2019இல் திருத்திய வழிகாட்டி, தெற்காசியாவுக்கு நாளொன்றுக்கு ஹெக்டேயருக்கு 0.85 கிலோ மீதேன் என்ற அடிப்படை எண்ணைத் தருகிறது. மூன்றரை மாத நெல், 105 நாள். ஏக்கருக்கு மாற்றினால் சுமார் 36 கிலோ மீதேன். மீதேன் கரியமில வாயுவைவிட 27 மடங்கு சூடேற்றும் என்பது குழுவின் கடைசி மதிப்பீடு. பெருக்கினால் ஏக்கருக்கு, போகத்துக்கு, ஒரு தொன்னுக்குக் கிட்ட வரும். வயலைப் பலமுறை காயவிட்டுத் தண்ணீர் கட்டினால் அது 0.55 மடங்காகக் குறையும். விதைப்புக்குச் சற்று முன் ஏக்கருக்கு ஒரு தொன் வைக்கோலை மடித்து உழுதால் இரண்டு மடங்காகும். இந்த எண்களை யாரும் வீரமுனை வயலில் குழாய் வைத்து அளக்கவில்லை. அட்டவணையிலிருந்து வந்தவை அவை.

மில் ஆயிரம் ஏக்கர் நெல்லை வாங்கினால் இந்த மூன்றாம் வட்டத்தில் ஏறக்குறைய ஆயிரம் தொன். சொந்தப் புகையும் மின்சாரமும் 67. மில்லின் மூலதனமும் கடனும் சேர்ந்து 10 கோடி, அதில் ஒரு வங்கியின் நிலுவை 3 கோடி என்றால், புகையில் 30 சதவீதம் அந்த வங்கியின் பங்கு. வட்டம் இரண்டோடு நிறுத்தினால் 20 தொன். வயலையும் சேர்த்தால் 320. கடன் மாறவில்லை, மில்லும் மாறவில்லை. எங்கே கோடு கிழித்தார்கள் என்பது மட்டும் மாறிற்று. அதே வங்கி அதே விவசாயிகளுக்கும் நேரடியாகக் கடன் கொடுத்திருந்தால் வயலின் மீதேன் இரண்டு தடவை எண்ணப்படும். அறிக்கையை முதல் தடவை வெளியிடும் ஆண்டில் மூன்றாம் வட்டத்தை விட்டுவிட எஸ்-2 சலுகை தருகிறது. ஆகவே ஒரு வங்கியின் புகை முதல் ஆண்டைவிட இரண்டாம் ஆண்டில் பல மடங்கானால் வங்கி கெட்டுப்போனது என்று எண்ணவேண்டாம், சலுகை முடிந்ததா என்று பாருங்கள்.

இத்தனை தொன்னும் ஐந்தொகையில் எங்கே என்று கேட்டால், எங்கும் இல்லை. நம் நாட்டில் மில் விடும் புகைக்கு விலை கிடையாது. விலையில்லாததைப் பேரேட்டில் எழுத முடியாது. விலை வரும் என்று நம்பத் தொடங்கினால் நிலைமை தலைகீழாகும். 2020 ஜூனில் பிபி எண்ணெய்க் கம்பனி, எண்ணெயின் நீண்டகால விலையைப் பீப்பாய்க்கு சராசரி 55 டொலராகக் குறைத்து, 2030இல் கரிமத்தின் விலையைத் தொன்னுக்கு 100 டொலராக உயர்த்தி வைத்தது. கிணறு எதையும் மூடியதற்காக அல்ல. ஊகம் மாறியதற்கே 1,300 முதல் 1,750 கோடி டொலர் வரை சொத்துப் பெறுமதியைக் குறைக்க நேரும் என்று அறிவித்தது. புகை பேரேட்டுக்குள் நுழைவது இப்படி, நாளைய விலை பற்றிய ஓர் ஊகத்தின் வழியாக.

வீரமுனையில் நாளைய விலைக்கு யாரும் காத்திருப்பதில்லை. வேளாண்மை அழிந்த வீட்டில் அலுமாரி திறக்கும், நகை அடகுக் கடைக்கோ வங்கியின் அடகுப் பிரிவுக்கோ போகும். இரண்டாம் விதைப்புக்குக் காசு அப்படித்தான் புரள்கிறது. அடகுக் கடனை நியமம் 9இன் கண்ணால் பாருங்கள். தவறினாலும் தங்கம் கையில், தங்க விலையும் ஏறுமுகமாக இருந்தால் எதிர்பார்க்கப்படும் இழப்பு ஏறக்குறையப் பூச்சியம். வட்டி வருமானத்தில் சேரும். பயிர்க்கடனில் 18 இலட்சம் கூடுதலாக ஒதுக்கவைத்த அதே வெள்ளம், அடகில் ஒரு ரூபாவும் ஒதுக்கவைக்காமல் வியாபாரத்தை வளர்க்கும். கமக்காரரின் கைமாற்று, மில்காரரிடம் வாங்கிய முற்பணம், போடியாருக்குச் சேரவேண்டிய குத்தகை நெல் ஆகியவற்றைக் கேட்கும் நியமமே கிடையாது. எஸ்-2 அறிக்கையில் அம்பாறை மாவட்டத்தின் வெள்ள அபாயம் என்று வரும் தொகை, வங்கியின் தாக்கப்படக்கூடிய சொத்து மட்டும். தாலிக்கொடி உட்பட நகை ஏலம் போனால் அது அடகுப் பிரிவின் கணக்கில் முழுமையாக அறவிடப்பட்ட கடன்.